கடன் மறுப்புக் கடிதத்தில் இருக்க வேண்டிய கணக்கு

(திருவரங்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வங்கி அதிகாரி ஒருவர் சிறிய கடன்தாரருக்குக் கடன் இல்லை என்று எழுதும் கடிதத்தைப் பற்றி மட்டுமே இன்று பேசப் போகிறேன். பெரும்பாலும் அது இரண்டு வரியில் முடிந்துவிடும். தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, நிதி விகிதங்கள் திருப்திகரமாக இல்லாததால் ஏற்க இயலவில்லை, அவ்வளவுதான். அதைப் படித்தவருக்குத் தன் தொழிலில் எது பழுது என்று ஒன்றும் தெரியாது. அடுத்த வங்கிக்கு அதே காகிதங்களைத் தூக்கிக்கொண்டு போவார்.

மறுப்பதற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2003ல் சொன்னது. அப்போது அது 2 லட்சம் வரை கேட்கும் சிறு கடன்தாரர்களுக்கு மட்டும் இருந்தது. 2007ல் தொகை வரம்பை எடுத்துவிட்டு எல்லாக் கடன்களுக்கும் விரித்தார்கள். ஆகவே எழுதுவதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி. விகிதம் சரியில்லை என்பது காரணம் ஆகாது என்பது என் கட்சி. எந்த விகிதம், எந்தெந்தத் தொகையிலிருந்து வந்தது, எது மாறினால் அது மாறும் என்ற மூன்றும் இருந்தால்தான் அது காரணம்.

திருச்சியில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 1960களில் பெல் கொதிகலன் ஆலை வந்தபிறகு, அதைச் சுற்றித் துவாக்குடியிலும் திருவெறும்பூரிலும் நூற்றுக்கணக்கான பேப்ரிகேஷன் யூனிட்டுகள் முளைத்தன. பிளேட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து தரும் ஜாப் ஒர்க்தான் பெரும்பாலானவற்றின் பிழைப்பு. அனல்மின் நிலைய ஆர்டர்கள் சுருங்கிய ஆண்டுகளில் இவற்றில் பல தடுமாறின, பல கணக்குகள் வாராக்கடனாயின. இந்த யூனிட்டுகளின் பேலன்ஸ் ஷீட்டுக்கு ஒரே மாதிரியான ஒரு முகம் உண்டு. செய்த வேலைக்கான பணம் வெளியே நிற்கும், பிளேட் வாங்கிய கடன் உள்ளே நிற்கும்.

அந்த முகத்தை வைத்து ஒரு கடிதத்தை எழுதி வந்திருக்கிறேன். இதிலுள்ள எண்கள் எந்தத் தனி மனிதருடையவையும் அல்ல, விளக்கத்துக்காக நான் அமைத்தவை. கடன் கேட்டவர் திருவரங்கத்தில் குடியிருந்து துவாக்குடியில் யூனிட் நடத்துபவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 20 லட்சம் சி.சி. லிமிட் இருக்கிறது, அதை 30 லட்சமாக உயர்த்தக் கேட்கிறார். கடிதத்தைப் படிக்கிறேன்.

அன்புடையீர்,

சி.சி. லிமிட்டை உயர்த்தக் கோரிய தங்கள் விண்ணப்பத்தை இப்போது ஏற்க முடியவில்லை. ஏன் என்பதைத் தங்கள் பேலன்ஸ் ஷீட்டைக் கொண்டே எழுதுகிறேன். நேரில் வந்தபோது நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. போன வருடம் விற்பனை 120 லட்சம், இந்த வருடம் 150 லட்சம் எதிர்பார்க்கிறேன், விற்பனையில் 20 சதவீதம் வங்கி தரவேண்டும் என்றால் 30 லட்சம்தானே என்று கேட்டீர்கள். அந்த விதி உண்மை. அதற்கு ஒரு மறுபாதி இருக்கிறது. 150 லட்சம் விற்பனைக்குச் சுமார் 37.5 லட்சம் நடைமுறை மூலதனம் வேண்டும் என்று விதி கொள்கிறது. அதில் 30 லட்சம் வங்கியினுடையது, 7.5 லட்சம் உங்களுடையது. அந்த 7.5 லட்சம் உங்கள் கணக்கில் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

மார்ச் 31 நிலவரப்படி உங்களிடம் சரக்கும் பாதி முடிந்த வேலையும் 11 லட்சம், வரவேண்டிய பாக்கி 34 லட்சம், ரொக்கம் 1 லட்சம். ஆக 46 லட்சம். ஓராண்டுக்குள் தரவேண்டியதாக உங்கள் ஆடிட்டர் காட்டியிருப்பது சி.சி. 20, பிளேட் வியாபாரிகளுக்கு 16, ஜி.எஸ்.டி.யும் கூலியும் 4, ஆக 40 லட்சம். 46ஐ 40ஆல் வகுத்தால் 1.15. இதை நடப்பு விகிதம் என்கிறோம். கொடுக்கவேண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் கைக்கு வரப்போவது 1 ரூபாய் 15 காசு என்று பொருள்.

நான் இதில் மூன்று இடங்களில் மாற்றம் செய்தேன். முதலாவது, 34 லட்சம் பாக்கியில் 15 லட்சம் ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. அதில் 5 லட்சம் வேலை முடிந்தும் பிடித்துவைத்திருக்கும் ரிடென்ஷன் தொகை, மீதி 10 லட்சம் பாஸ் ஆகாத பில்கள். எப்போது வரும் என்று உங்களாலேயே தேதி சொல்ல முடியவில்லை. ஆகவே அதை நடப்புச் சொத்தாக எடுக்கவில்லை. இரண்டாவது, மெஷின் கடனில் வரும் 12 மாதத்தில் கட்டவேண்டிய தவணை 3 லட்சத்தை நடப்புக் கடனில் சேர்த்தேன். மூன்றாவது, உங்கள் மைத்துனர் கொடுத்த 6 லட்சம். அவர் எப்போது கேட்டாலும் தரவேண்டியது என்று நீங்கள் சொன்னதால் அதையும் நடப்புக் கடனில் சேர்த்தேன். இப்போது வரப்போவது 31, தரவேண்டியது 49. விகிதம் 0.63. உங்கள் பங்காக இருக்கவேண்டிய 7.5 லட்சம் இல்லை என்பது மட்டுமல்ல, 18 லட்சம் குறைவாக இருக்கிறது.

இந்தக் குறையை 10 லட்சம் கூடுதல் லிமிட் தீர்க்காது. நீங்கள் கேட்கும் பணம் புதிய ஆர்டருக்குப் போகாது, பிளேட் வியாபாரியின் பழைய பாக்கிக்குப் போய்விடும். கடந்த ஓராண்டாக உங்கள் சி.சி. கணக்கு 20 லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. வரவு வந்த அன்றே செலவாகிவிடுகிறது. 10 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்று வைத்தாலும் வருடத்துக்கு 1 லட்சம் ஆகும். உங்கள் சென்ற ஆண்டு நிகர லாபமே 2.4 லட்சம்.

இன்னொரு எண்ணையும் சொல்லியாக வேண்டும். உங்கள் சொந்த முதல் 18 லட்சம், வெளியாருக்குத் தரவேண்டியது மொத்தம் 54 லட்சம். ஒன்றுக்கு மூன்று. இதுவே வரம்பின் ஓரம். அந்த 15 லட்சம் வராமலே போனால் உங்கள் முதல் 3 லட்சமாகிவிடும், ஒன்றுக்குப் பதினெட்டு ஆகும். இதுதான் என்னை நிறுத்தியது. தவணை கட்டும் திறனைக் காட்டும் விகிதம் 1.5க்கு மேல் இருக்கிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. உங்கள் வேலையின் தரம் பற்றியும் எனக்குச் சந்தேகம் இல்லை.

உத்தர வீதி வீட்டின் பத்திரத்தைத் தருகிறேன் என்றீர்கள். வீட்டை ஈடு வைத்தால் வங்கியின் பயம் குறையும், உங்கள் விகிதம் மாறாது. கடனைக் கட்டவேண்டியது யூனிட், வீடு அல்ல. அந்தப் பத்திரத்தை இந்தக் காரணத்துக்காகக் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எது மாறினால் நான் மறுபடி பார்ப்பேன் என்பதையும் எழுதுகிறேன். மைத்துனரிடம், வங்கிக் கடன் இருக்கும்வரை அந்த 6 லட்சத்தைத் திரும்பக் கேட்பதில்லை என்று ஓர் உறுதிக் கடிதம் வாங்கித் தாருங்கள். விகிதம் 0.72 ஆகும். பழைய பாக்கியில் 10 லட்சம் வசூலாகி அதைப் பிளேட் வியாபாரிகளுக்குக் கொடுத்தால் 0.94. ரிடென்ஷன் 5 லட்சமும் வந்து அதையும் அப்படியே கொடுத்தால் 1.11. இதற்கு மேல் இந்த ஆண்டு லாபத்தை வீட்டுச் செலவுக்கு எடுக்காமல் தொழிலில் விட்டால் 1.2ஐ நெருங்கும். அந்த நிலையில் வாருங்கள், 150 லட்சம் ஆர்டருக்கான காகிதங்களையும் கொண்டு வாருங்கள். அதுவரை இருக்கும் 20 லட்சம் லிமிட் தொடரும். ஆனால் மாதந்தோறும் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் பாக்கியை 90 நாளுக்கு உட்பட்டது, மேற்பட்டது என்று பிரித்துக் காட்டவேண்டும்.

இப்படிக்கு, கிளை மேலாளர்.

கடிதம் முடிந்தது. இதில் நான் நின்று பேச விரும்பும் இடம் 1.15க்கும் 0.63க்கும் நடுவே உள்ள தூரம். ஆடிட்டர் பொய் எழுதவில்லை. வரவேண்டிய பாக்கி நடப்புச் சொத்து என்பது கணக்கியல் வழக்கம்தான். ஆனால் அந்த வழக்கத்தில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. பணம் வராமல் நிற்க நிற்கப் பாக்கித் தொகை ஏறும், நடப்புச் சொத்தும் ஏறும். வாடிக்கையாளர் பணம் தராத வருடத்தில் நடப்பு விகிதம் நன்றாகவே தெரியக்கூடும். நொடித்துப் போகும் யூனிட்டின் விகிதம் கடைசிவரை ஒன்றுக்கு மேலேயே நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்க வழி எளியது. பாக்கியை விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள். நம் கணக்கில் 34ஐ 120ஆல் வகுத்துப் பெருக்கினால் 103 நாள் வருகிறது. பழைய 15 லட்சத்தைக் கழித்துவிட்டு 19 லட்சத்துக்குப் பார்த்தால் 58 நாள். இந்த இரண்டு எண்களும் வெவ்வேறு கதைகளைச் சொல்கின்றன. இன்றைக்குச் செய்யும் வேலைக்கு இரண்டு மாதத்தில் பணம் வருகிறது, யூனிட் ஓடுகிறது. ஒரு காலத்தில் செய்த வேலைக்கான பணம் உறைந்துவிட்டது. முதல் எண்ணை மட்டும் பார்க்கும் அதிகாரி இவருக்கு வியாபாரமே சரியில்லை என்று முடிவு கட்டுவார். இரண்டையும் பார்ப்பவருக்குத்தான் நோய் ஓரிடத்தில் மட்டும் இருப்பது தெரியும். விகிதம் பார்த்து மறுப்பது எளிது. பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துப் பார்ப்பதற்கு அரை நாள் உட்கார வேண்டும். அந்த அரை நாளைத்தான் நம் கிளைகளில் யாரும் தருவதில்லை, அது எனக்கு வருத்தம்.

இனி நடப்பு விகிதத்தின் எல்லையாகச் சொல்லப்படும் 1.33, 1.25 என்ற எண்களைப் பற்றிக் கொஞ்சம். இவை சட்டம் என்று பல கிளைகளில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1.33 என்பது 1970களின் நடுவே பிரகாஷ் டாண்டன் தலைமையிலான குழு பெரிய தொழில்களுக்காகச் சொன்ன கணக்கிலிருந்து வந்தது. நடப்புச் சொத்தில் கால் பங்கு முதலாளியின் நீண்டகாலப் பணத்திலிருந்து வரட்டும் என்றார்கள். 100க்கு 75 கடன் என்றால் விகிதம் 1.33. சிறு தொழில்களுக்காக 1992ல் அறிக்கை தந்த நாயக் குழு விற்பனையில் 25 சதவீதம் தேவை, 20 வங்கி, 5 முதலாளி என்றது. 25க்கு 20 என்றால் 1.25. வங்கிகள் எல்லாம் ஒரே சூத்திரத்தைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயத்தை ரிசர்வ் வங்கி 1997லேயே விலக்கிக்கொண்டது. இப்போது ஒவ்வொரு வங்கியும் தன் கடன் கொள்கையில் தானே எல்லை வகுக்கிறது. ஆகவே 1.18 இருக்கும் விண்ணப்பத்தை 1.25 இல்லை என்பதற்காக மட்டும் தள்ளுவது விதியின் கட்டாயம் அல்ல, அது அந்த அதிகாரியின் முடிவு. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடும் துணிவு அவருக்கு வேண்டும். 0.63 வேறு விஷயம். அங்கே எந்தக் கொள்கையும் இடம் தராது.

விகிதம் ஒரு நாளின் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. திருவரங்கத்திலேயே பாருங்கள். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் பூசைப் பொருளும் பாத்திரமும் விற்கும் கடைக்காரருக்குப் பகல்பத்து, இராப்பத்து நாட்கள்தான் வருடத்தின் உச்சம். கார்த்திகையிலேயே கடன் வாங்கிச் சரக்கை நிரப்புவார். தை பிறக்கும்போது சரக்கு பணமாகி, கடனும் பெரிதும் அடைந்திருக்கும். மார்ச் 31 பேலன்ஸ் ஷீட் அவருடைய ஓய்ந்த நாளைக் காட்டுகிறது. அவருக்கு எவ்வளவு கடன் தேவை என்பதும், எவ்வளவு தாங்குவார் என்பதும் அந்தத் தாளில் இல்லை, ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் மாதவாரியாக இருக்கிறது. ஆனால் துவாக்குடிக்காரரின் 15 லட்சம் எந்த மாதத்தில் பார்த்தாலும் அப்படியேதான் நிற்கும். பருவத்தால் வரும் குறைக்கும் உறைந்த பணத்தால் வரும் குறைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

உறைந்த பணத்தை எப்படி மீட்பது என்று நீங்கள் கேட்பீர்கள். 2006ஆம் ஆண்டு சிறு தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, குறு, சிறு யூனிட்டிடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கான வசதியாக்கக் குழு திருச்சியிலேயே இருக்கிறது, அதனிடம் மனுச் செய்யலாம். ஆனால் சட்டம் இருப்பதாலேயே யூனிட் நடத்துபவர் மனுப் போட்டுவிடுவார் என்று நினைக்காதீர்கள். அவருடைய ஆர்டரில் பெரும்பங்கு தரும் கம்பெனி மேல் மனுப் போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் உண்மையான பயம். அதனால்தான் நம் கடிதத்தில் மேலாளர் மனுப் போடச் சொல்லவில்லை. அது தொழில் நடத்துபவர் தானே எடுக்கவேண்டிய முடிவு.

மனுவுக்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாஸ் ஆகாத ஒவ்வொரு பில்லையும் எடுத்து, ஏன் நிற்கிறது என்று எழுதுங்கள். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் இல்லையா, எடைச் சீட்டில் வித்தியாசமா, கொடுத்த பிளேட்டுக்கும் திருப்பிய ஸ்கிராப்புக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லையா? ஜாப் ஒர்க்கில் இந்த மெட்டீரியல் கணக்கு முடியாமல்தான் பல பில்கள் நிற்கின்றன. அதை முடித்துக் கொடுப்பது யூனிட்டின் கையில் இருக்கிறது. ரிடென்ஷனுக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்துப் பணத்தை விடுவிக்கக் கம்பெனி ஒப்புக்கொள்ளுமா என்று கேட்கலாம், அதற்கு வங்கியில் மார்ஜின் கட்டவேண்டியிருக்கும். இனிவரும் பில்களுக்கு டிரெட்ஸ் தளம் இருக்கிறது. ஆண்டு விற்பனை 250 கோடிக்கு மேற்பட்ட கம்பெனிகளும் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்களும் அதில் பதிவு செய்தாக வேண்டும். கம்பெனி ஒப்புக்கொண்ட பில்லை அதில் ஏற்றினால் வங்கிகள் ஏலம் கேட்டுச் சில நாளில் பணம் தரும், கம்பெனி பிறகு வங்கிக்குக் கட்டும். ஆனால் கம்பெனி ஒப்புக்கொள்ளாத பழைய பில்லுக்கு அங்கே இடமில்லை.

மறுப்புக் கடிதம் எழுதப்போகும் இளைய அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. மார்ச் 31க்கு முன்னால் இதைச் செய்தால் விகிதம் நன்றாகத் தெரியும் என்று யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள். இருந்த பணத்தையெல்லாம் திரட்டிக் கடைசி வாரத்தில் கடன்காரர்களுக்குக் கொடுத்து, ஏப்ரலில் மறுபடி வாங்கிக்கொள்வது பலரும் அறிந்த வித்தை. அசல் விகிதம் ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்த வித்தை அதை உயர்த்திக் காட்டும், ஒன்றுக்குக் கீழே இருந்தால் இன்னும் கீழே தள்ளும். நம் துவாக்குடிக்காரருக்கு அது தீங்குதான் செய்யும். எண்ணைச் சொல்லுங்கள், எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பில்லைச் சொல்லுங்கள், அழகுபடுத்தும் வழியைச் சொல்லாதீர்கள்.

தொழில் நடத்தும் நண்பர்களே, உங்களுக்கு வந்த மறுப்புக் கடிதத்தில் காரணம் இல்லையென்றால் கிளைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த விகிதம், அதில் எந்தத் தொகையைச் சேர்த்தீர்கள், எதைக் கழித்தீர்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். கடன் கொடு என்று அவர் உத்தரவிட மாட்டார், வங்கியின் வணிக முடிவில் அவர் தலையிடுவதில்லை. ஆனால் காரணம் எழுத்தில் வரவில்லை என்பதை அவர் முன் வைக்க உங்களுக்கு வழி இருக்கிறது. கடன் கேட்கும்போதே பாக்கிப் பட்டியலை வயதுவாரியாகப் பிரித்து நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.